வாடகை ரூட்டரின் இன்னொரு சாவி

திருச்சியில் என் மாமனார் வீட்டில் போன வருடம் சில நாட்களாக வைஃபை இழுத்து இழுத்து வேலை செய்தது. நான் போயிருந்தபோது மாமா கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். எதிர்முனையில் பேசிய பெண் வாடிக்கையாளர் எண்ணைக் கேட்டார், அரை நிமிடம் அமைதியாக இருந்தார், பிறகு சொன்னார்: "சார், உங்க மோடத்துல இப்போ ஒன்பது டிவைஸ் கனெக்ட் ஆகியிருக்கு. வைஃபை சேனல் 6-ல இருக்கு. பக்கத்து வீட்டு சிக்னலும் அதுலதான் நிறைய வருது. 11-க்கு மாத்திடறேன், ஒரு நிமிஷம் கட் ஆகி வரும்."

சொன்னபடியே கட் ஆகி வந்தது. வேகமும் கூடியது. ஆனால் மாமாவின் முகத்தில் நிம்மதிக்குப் பதிலாக வேறொன்று தெரிந்தது. "நம்ம வீட்டுக்குள்ள எத்தனை போன் ஓடுதுன்னு அவங்களுக்கு எப்படி மாப்பிள்ளை தெரியும்?"

மிகச் சரியான கேள்வி. மாத வாடகையிலோ, திருப்பித் தரும் டெபாசிட்டிலோ இணைய நிறுவனம் நம் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் ரூட்டருக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று நம்மிடம் இருப்பது. பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் பெயரும் கடவுச்சொல்லும்தான் அது. இன்னொன்று நிறுவனத்திடம். அந்த இரண்டாவது சாவி எப்படித் திறக்கிறது, எவ்வளவு தூரம் திறக்கிறது, அதை மீறி நாம் எதை மாற்றிக்கொள்ளலாம் என்பதை மாமாவுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். நம் ஊரில் இன்று பரவலாக இருப்பது ஃபைபர் இணைப்பு என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். கண்ணாடி இழை வந்து சேரும் அந்தப் பெட்டியை லைன்மேன்கள் ஓ.என்.டி. என்பார்கள், வீட்டில் எல்லோரும் மோடம் என்போம். ரூட்டர் வேலையும் வைஃபை வேலையும் சேர்ந்து அதற்குள்ளேயே நடக்கின்றன.

மிஸ்டு கால் கொடுக்கும் முறை

தொலைவிலிருந்து பெட்டியை நிர்வகிக்கும் இந்த ஏற்பாட்டின் பெயர் டி.ஆர்-069. ரூட்டரின் அமைப்புப் பக்கங்களில் TR-069 என்றோ CWMP என்றோ இருக்கும். பிராட்பேண்ட் ஃபோரம் என்ற தொழில்துறை அமைப்பின் தரநிலை இது, 2004-இல் வெளிவந்தது. அதற்குப் பின்னால் ஒரு சாதாரணத் தேவை இருந்தது. லட்சக்கணக்கான வீடுகளில் பெட்டி மாட்டியாகிவிட்டது. ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் ஆள் அனுப்ப முடியாது. போனில் ஒரு வாடிக்கையாளரிடம் "192.168.1.1 என்று அடியுங்கள், மூன்றாவது மெனுவுக்குப் போங்கள்" என்று சொல்லிப் புரியவைப்பதும் எளிதில்லை. அதனால் பெட்டியே நிறுவனத்தின் சர்வரோடு பேசிக்கொள்ளட்டும் என்று வைத்தார்கள்.

பேச்சைத் தொடங்குவது எப்போதும் நம் வீட்டுப் பெட்டிதான். மின்சாரம் வந்து உயிர் பெற்றதும் அது தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் முகவரியில் நிறுவனத்தின் நிர்வாக சர்வரைக் கூப்பிடுகிறது. "நான் இந்த நிறுவனத் தயாரிப்பு, என் சீரியல் எண் இது, இப்போதுதான் ஆன் ஆனேன்" என்று தகவல் சொல்கிறது. அதன் பிறகு அதே அழைப்பில் சர்வர் கேள்விகள் கேட்கும், உத்தரவுகள் போடும். பெட்டி பதில் சொல்லிவிட்டு அழைப்பை முடித்துக்கொள்ளும். இது தவிர, குறித்த இடைவெளியிலும் பெட்டி தானாகக் கூப்பிடும். அந்த இடைவெளியை வினாடிக் கணக்கில் நிறுவனமே வைக்கிறது. 86400 என்று வைத்தால் நாளுக்கு ஒரு முறை, 3600 என்றால் மணிக்கு ஒரு முறை.

அப்படியானால் அந்தப் பெண் போனில் பேசிக்கொண்டே எப்படி அந்த நொடியில் உள்ளே வந்தார்? இதற்கு நம் ஊர் மிஸ்டு காலைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. நிறுவனத்தின் சர்வர் நம் பெட்டியின் ஒரு கதவைத் தட்டுகிறது. வழக்கமாக அந்தக் கதவு 7547 என்ற எண்ணுள்ள போர்ட். தட்டியவரிடம் பெட்டி எந்த உத்தரவையும் வாங்கிக்கொள்வதில்லை. அது தனக்கு வந்த மிஸ்டு கால், அவ்வளவுதான். உடனே பெட்டி, தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடுகிறது. யார் தட்டினாலும் பெட்டி போய்ப் பேசுவது தன் எஜமானரிடம் மட்டும்தான் என்பது இந்த வடிவமைப்பின் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பு ஒருமுறை எப்படி நொறுங்கியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, அழைப்பு கிடைத்த பிறகு சர்வர் என்ன கேட்கிறது? பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு அமைப்புக்கும் நீண்ட முகவரி போல ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி மதிப்பைக் கேட்கலாம், அல்லது புது மதிப்பை எழுதலாம். மாமா வீட்டு விஷயத்தில் பார்க்கப்பட்டதும் மாற்றப்பட்டதும் இந்த வகைப் பெயர்களைத்தான்:

```
InternetGatewayDevice.LANDevice.1.Hosts.HostNumberOfEntries
InternetGatewayDevice.LANDevice.1.WLANConfiguration.1.Channel
```

முதல் வரி வீட்டுக்குள் இணைந்திருக்கும் கருவிகளின் எண்ணிக்கை. பதில் 9 என்று வந்திருக்கும். இரண்டாவது வரி வைஃபை சேனல். அதில் 6 இருந்த இடத்தில் 11 எழுதப்பட்டது. கஸ்டமர் கேர் ஊழியர் இந்தப் பெயர்களைக் கண்ணால் பார்ப்பதில்லை. அவர் திரையில் அழகான பட்டன்கள் இருக்கும். பட்டனுக்குப் பின்னால் நடப்பது இதுதான்.

எதைப் பார்க்கிறார்கள், எதைச் செய்ய முடியும்

இதே வழியில் வைஃபை பெயரை மாற்றலாம், புதுக் கடவுச்சொல் எழுதலாம். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலை வாங்கலாம். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு கருவியின் பெயரும் வன்பொருள் முகவரியும் இருக்கும். போனுக்கு நம் பெயரையே வைத்திருந்தால் அந்தப் பெயரும் அங்கே போகும். பெட்டியை ரீஸ்டார்ட் செய்யலாம், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு ரீசெட் செய்யலாம், பெட்டியின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக இறக்கலாம். வீட்டுப் போன் இணைப்பும் அதே பெட்டியில் வந்தால், அந்தப் போனுக்கான கணக்கு விவரமும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வந்து இறங்குகிறது.

மாமா அடுத்துக் கேட்டது, "நான் எந்தப் பக்கம் பார்க்கிறேன்னும் தெரியுமா?" இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாம் போகும் தளங்களின் முகவரிகள் எப்படியும் நிறுவனத்தின் கம்பி வழியாகத்தான் போகின்றன. பெட்டி யாருடையதாக இருந்தாலும் அது மாறாது. பூட்டுக் குறியோடு திறக்கும் தளத்தில் நாம் என்ன படித்தோம், என்ன தட்டச்சு செய்தோம் என்பது கம்பியில் போகும்போது மறைகுறியாக்கப்பட்டிருக்கும், அதை டி.ஆர்-069 திறந்து காட்டாது. லேப்டாப்பில் இருக்கும் கோப்புகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் வீட்டுக்குள் எத்தனை கருவிகள், அவற்றின் பெயர் என்ன, எது எப்போது இணைந்திருந்தது என்பது சாதாரணமாக வீட்டுச் சுவரைத் தாண்டாத செய்தி. வாடகைப் பெட்டி இருப்பதால் மட்டுமே அது வெளியே தெரிகிறது. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். பழுது பார்க்க அது உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெட்டி மாட்டும் நாளில் இதை யாராவது ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டும்.

டி.ஆர்-069-க்குக் கீழே இன்னொரு வழியும் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. ஃபைபர் இணைப்பில் தெருமுனைக்கு அப்பால் நிறுவனத்தின் பெரிய கருவி ஒன்று இருக்கும். அதற்கும் நம் ஓ.என்.டி.க்கும் நடுவே ஓ.எம்.சி.ஐ. என்றொரு தனிக் கட்டுப்பாட்டு வழி ஓடுகிறது. இது இணைய முகவரிகளைப் பயன்படுத்துவதே இல்லை, கண்ணாடி இழையின் மட்டத்திலேயே நடக்கிறது. ஒளியின் வலிமையை அளப்பது, எந்தப் போக்குவரத்து எந்தப் பாதையில் போக வேண்டும் என்று வகுப்பது எல்லாம் அதன் வேலை. இதை நாம் நிறுத்த முடியாது. நிறுத்தினால் இணைப்பே இருக்காது. அதனால்தான் "டி.ஆர்-069-ஐ ஆஃப் பண்ணிட்டேன், இனி பெட்டி என்னுடையது" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் நுழைந்து எதையாவது மாற்றினால் வேகத்தைக் கூட்டலாம் என்று பலர் தேடுகிறார்கள். பிளானின் வேக வரம்பு பொதுவாக நிறுவனத்தின் பக்கத்தில்தான் வைக்கப்படுகிறது. வீட்டுப் பெட்டியில் அதைத் தேடிப் பயனில்லை.

நம் சாவி திறக்கும் அறைகள்

ஸ்டிக்கரில் இருக்கும் பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்து 192.168.1.1 அல்லது ஸ்டிக்கர் சொல்லும் வேறு முகவரிக்குப் போனால் ஒரு சில பக்கங்கள் தெரியும். வைஃபை பெயர், கடவுச்சொல், சேனல், விருந்தினருக்கான தனி வைஃபை ஆகியவற்றை மாற்றலாம். வீட்டுக் கருவிகளுக்கு முகவரி வழங்கும் எல்லையையும் மாற்றலாம். பல பெட்டிகளில் டி.என்.எஸ். முகவரியையும் மாற்ற விடுவார்கள். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தேடிக் கொடுக்கும் சேவைதான் டி.என்.எஸ்.

நிலைமையைக் காட்டும் பக்கத்தில் WAN என்ற தலைப்பைப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகள் வரிசையாக இருக்கலாம். ஒன்றின் பெயரில் INTERNET என்றும், இன்னொன்றின் பெயரில் TR069 என்றும், சிலவற்றில் VOIP என்றும் இருக்கும். கண்ணாடி இழை ஒன்றுதான், அதற்குள் இப்படித் தனித்தனிப் பாதைகள். TR069 என்ற பாதைக்கு 10-இல் தொடங்கும் முகவரி இருந்தால் அது நிறுவனத்தின் உள்வலையில் இருக்கிறது, வெளி உலகத்தால் நேரடியாக அதைத் தொட முடியாது. அது நல்ல ஏற்பாடு. எல்லாப் பெட்டியிலும் இந்த வரி தெரியும் என்று சொல்ல முடியாது. சில நிறுவனங்கள் நம் கணக்குக்கு அதை மறைத்துவிடுகின்றன.

மறைத்ததைப் பார்க்க நிறுவனத்தின் மேல்நிலைக் கணக்கு வேண்டும். அதன் கடவுச்சொற்கள் இணையத்தில் சுற்றுகின்றன. நான் அந்த வழியைச் சொல்லித்தர மாட்டேன். பாதை எண் ஒன்றைத் தவறாக மாற்றினால் இணைப்பு அப்படியே போய்விடும், தொலைவிலிருந்து சரிசெய்யும் வழியும் அதோடு போய்விடும். பிறகு ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டும். பெட்டி அவர்களுடையது என்பதால் பதில் சொல்ல வேண்டியதும் நாம்தான்.

மாற்றியது நிற்குமா?

வாடகைப் பெட்டியில் மாற்ற முடிகிறதா என்பதைவிட, மாற்றியது நிற்குமா என்பதுதான் முக்கியம். இதை நான் மாமா வீட்டில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் வீடு அது. ஆபாசத் தளங்களையும் வைரஸ் பரப்பும் தளங்களையும் வடிகட்டும் 1.1.1.3 என்ற டி.என்.எஸ். முகவரியைப் பெட்டியில் எழுதினேன். வைஃபைக்கு மாமா ஆசைப்பட்ட பெயரை வைத்தேன். எல்லாம் நன்றாக ஓடியது. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் மாமா கூப்பிட்டார். "மாப்பிள்ளை, நெட்டே வரல. டிவி, போன் எதுலயும் நம்ம வைஃபை பேரே காட்டல." லைன்மேன் வந்து வேறொரு பழுதைப் பார்த்திருக்கிறார். போகும் முன் பெட்டியின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தியிருக்கிறார். அது ரீசெட் பட்டன்.

ரீசெட் ஆன பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். எழுந்ததும் நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டு, சாதாரணமாகச் சொல்லும் "இப்போது ஆன் ஆனேன்" என்பதோடு இன்னொரு செய்தியையும் சொல்லும். அதன் பதிவில் இரண்டும் இப்படி இருக்கும்:

```
0 BOOTSTRAP
1 BOOT
```

முதல் வரிக்கு "உங்களோடு முதன்முறையாகப் பேசுகிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது" என்று பொருள். அதைப் பார்த்ததும் சர்வர் தன்னிடம் இருக்கும் பட்டியலை முழுக்க எழுதிவிடும். இணைப்புக்கான கணக்கு, போனுக்கான கணக்கு, அடுத்த அழைப்பு எப்போது என்ற இடைவெளி எல்லாம் திரும்பி வந்துவிடும். ஆனால் நான் எழுதிய டி.என்.எஸ். அந்தப் பட்டியலில் இல்லை. மாமா வைத்த வைஃபை பெயரும் இல்லை. நிறுவனத்துக்கு வேண்டியது எல்லாம் பத்து நிமிடத்தில் மீண்டது. எங்களுக்கு வேண்டியது எதுவும் மீளவில்லை. வடிகட்டி போய்விட்டது என்பதை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். வைஃபை பெயர் மாறியதால்தான் தெரிந்தது.

எல்லா மாற்றமும் ரீசெட்டில் மட்டும்தான் போகும் என்றும் இல்லை. சில நிறுவனங்கள் ஒவ்வொரு முறை பெட்டி ஆன் ஆகும்போதும் சில மதிப்புகளைத் திரும்ப எழுதுகின்றன. ஃபர்ம்வேர் புதுப்பித்த பிறகோ பிளான் மாற்றிய பிறகோ எழுதுவதும் உண்டு. உங்கள் நிறுவனம் எந்த வகை என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று செய்யலாம். மாற்ற நினைத்ததை மாற்றிவிட்டு, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். மறுநாள் அதே நேரத்துக்குப் பிறகு போய்ப் பாருங்கள். அப்படியே இருந்தால், தினசரி அழைப்பில் அது தொடப்படவில்லை. பிறகு பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். இப்போதும் இருந்தால் ஆன் ஆகும்போதும் தொடப்படவில்லை. இந்த இரண்டிலும் தப்பித்தால் பெரும்பாலும் ரீசெட் வரை நிற்கும். ரீசெட்டை மட்டும் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். பழைய அமைப்பைச் சேமித்துத் திரும்ப ஏற்றும் வசதி பல பெட்டிகளில் வாடிக்கையாளர் கணக்குக்குத் திறந்திருப்பதில்லை. பிடித்து வைத்த படங்கள்தான் அப்போது கைகொடுக்கும்.

நிற்க வேண்டியதை நம் பெட்டியில் வைப்பது

இதற்கு நான் கண்ட நல்ல வழி, வாடகைப் பெட்டியோடு மல்லுக்கு நிற்காமல் அதன் பின்னால் நம் சொந்த ரூட்டர் ஒன்றை வைத்துவிடுவது. வாடகைப் பெட்டி வாசல் வரை தண்ணீர் கொண்டுவரும் குழாயாக இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்குள் யாருக்கு எவ்வளவு என்பதை நம் தொட்டி பார்த்துக்கொள்ளும்.

மாமா வீட்டில் செய்தது இவ்வளவுதான். ஒரு சாதாரண வைஃபை ரூட்டர் வாங்கினோம். அதற்கும் தொழிற்சாலை முகவரி 192.168.1.1 ஆக இருந்தது. வாடகைப் பெட்டிக்கும் அதே முகவரி. இரண்டையும் அப்படியே இணைத்தால் எந்தப் பக்கம் போவது என்று ரூட்டருக்குக் குழப்பம் வரும், இணையம் வராது. முதல் முறை வைப்பவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான். அதனால் இணைப்பதற்கு முன்பே நம் ரூட்டரின் முகவரியை 192.168.50.1 என்று மாற்றினேன். பிறகு வாடகைப் பெட்டியின் முதல் LAN துளையிலிருந்து நம் ரூட்டரின் WAN துளைக்கு ஒரு கேபிள். WAN அமைப்பில் முகவரியைத் தானாகப் பெறும் முறை.

அடுத்து வைஃபை. வாடகைப் பெட்டியில் வைஃபையை முழுக்க அணைத்தேன், 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசையையும். மாமா ஆசைப்பட்டு வைத்த பெயரையும் அதன் கடவுச்சொல்லையும் அப்படியே புது ரூட்டரில் கொடுத்தேன். டிவி, போன், பக்கத்து அறை பிரின்டர் எதிலும் யாரும் எதையும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கவில்லை. 1.1.1.3 என்பதைப் புது ரூட்டரில் எழுதினேன். இனி லைன்மேன் எத்தனை முறை ஊசி விட்டாலும் அது போகாது.

இதில் ஒரு கூடுதல் லாபமும் கிடைத்தது. வாடகைப் பெட்டி மறுபடி ரீசெட் ஆனால் அதன் வைஃபை தானாக உயிர்பெற்று, ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் வைஃபை பெயர் போனில் தெரியும். அதைப் பார்த்தாலே யாரோ ரீசெட் செய்திருக்கிறார்கள் என்று புரிந்துவிடும். மாமாவுக்கு அந்த ஸ்டிக்கர் பெயரை மட்டும் நினைவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அது தெரிந்தால் உள்ளே போய் மறுபடி அணைக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் முகவரி மாற்றம் இரண்டு முறை நடக்கிறது, முதலில் நம் ரூட்டரில், பிறகு வாடகைப் பெட்டியில். படம் பார்ப்பது, வீடியோ கால், வங்கி வேலை எதற்கும் இதனால் தடை வருவதில்லை. வெளியூரிலிருந்து வீட்டு கேமராவுக்கு நேரடியாக வர நினைப்பவர்களுக்கு மட்டும் சிக்கல், போர்ட் திறப்பதை இரண்டு பெட்டியிலும் செய்ய வேண்டும். அதற்கு முன் WAN பக்கத்தில் INTERNET பாதையின் முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் நடுவே இருந்தால், உங்களைப் போலப் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அப்போது எந்தப் பெட்டியில் போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது.

பிரிட்ஜ் முறை என்று இன்னொரு வழியும் இருக்கிறது. வாடகைப் பெட்டியின் ரூட்டர் வேலையை நிறுத்தி, கண்ணாடி இழையை கேபிளாக மாற்றித் தரும் வேலையை மட்டும் விட்டுவைப்பது. நிறுவனத்திடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல், தேவைப்பட்டால் பாதை எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். சில நிறுவனங்கள் தருவார்கள், சிலர் மறுப்பார்கள். வீட்டுப் போன் அந்தப் பெட்டியில் இருந்தால், மாற்றிய பிறகு அது ஒலிக்கிறதா என்று அவர்கள் லைனில் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். அதற்கென்று ஓர் அவசியம் இல்லாவிட்டால் நான் சொன்ன முதல் வழியே போதும்.

சொந்த ரூட்டர் வைப்பதால் நமக்கு வேலையும் கூடுகிறது. அதன் ஃபர்ம்வேரை இனி நாம்தான் புதுப்பிக்க வேண்டும். தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் அதை ஆன் செய்துவிடுங்கள். இன்று கடையில் கிடைக்கும் பல ரூட்டர்கள் தயாரிப்பாளரின் கணக்கில் பதிவு செய்து ஆப் மூலம் எங்கிருந்தும் நிர்வகிக்கச் சொல்கின்றன. அதுவும் இன்னொருவர் கையில் கொடுக்கும் சாவிதான். தேவையில்லை என்றால் அந்தப் பதிவைச் செய்யாமலே வையுங்கள்.

ஜெர்மனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அப்படியானால் டி.ஆர்-069-ஐ முடிந்தால் நிறுத்திவிடலாமா? என் பதில் வேண்டாம் என்பது. 2016 நவம்பர் 27-ஆம் தேதி ஜெர்மனியில் நடந்தது இதை இரண்டு பக்கமும் காட்டுகிறது.

அன்று டாய்ச்ச டெலிகாம் நிறுவனத்தின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு இணையமும் போனும் தடுமாறின. மிராய் என்ற தீநிரலின் ஒரு வகை, உலகம் முழுக்க 7547 என்ற அந்த மிஸ்டு கால் கதவைத் தட்டிக்கொண்டு போனது. மிஸ்டு காலோடு நிற்க வேண்டிய கதவு அது. ஆனால் சில தயாரிப்பாளர்களின் பெட்டிகளில், வீட்டுக்குள்ளிருந்து மட்டுமே பயன்பட வேண்டிய டி.ஆர்-064 என்ற இன்னொரு கட்டளை முறையும் அதே கதவில் வெளியுலகுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கடிகார நேரத்தைச் சரிபார்க்கும் சர்வரின் பெயரை எழுதும் இடத்தில், பெயருக்குப் பதிலாக ஒரு கட்டளையைத் திணித்தால் அந்தப் பெட்டிகள் அதை ஓட்டிவிடும். ஜெர்மன் பெட்டிகள் அந்தத் திணிப்புக்கு மசியவில்லை. ஆனால் ஓயாமல் தட்டியதைத் தாங்க முடியாமல் அவை திணறி நின்றுவிட்டன.

நிறுவனம் தன் வலையில் அந்தத் தட்டல்களை வடிகட்டியது, புது ஃபர்ம்வேரும் தயார் செய்தது. வாடிக்கையாளர்களிடம் சொன்னது ஒன்றுதான். ரூட்டரைச் சிறிது நேரம் மின்சாரத்திலிருந்து கழற்றி மாட்டுங்கள், எழும்போது அதுவே புது ஃபர்ம்வேரை வாங்கிக்கொள்ளும். கதவைச் சரியாகக் காவல் செய்யாததால் வந்த நோய்க்கு மருந்தும் தொலைவிலிருந்தே வந்து சேர்ந்தது. தொலை நிர்வாகத்தை அறுத்துவிட்ட பெட்டிக்கு இப்படிப்பட்ட மருந்து வராது. பழைய ஓட்டையோடு வருடக்கணக்கில் சுவரில் தொங்கும்.

அதே நாட்டில் அதே வருடம் ஆகஸ்ட் 1 முதல், வாடிக்கையாளர் தன் சொந்தப் பெட்டியை வைத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் உறுதி செய்திருந்தது. இணைப்புக்குத் தேவையான விவரங்களை நிறுவனம் தந்தாக வேண்டும். இங்கேயும் அந்த நிலை வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதுவரை, வாடகைப் பெட்டியை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், வீட்டுக்குள் இருப்பதை நம் ரூட்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

போன மாதம் ஓ.என்.டி.யில் LOS என்ற விளக்கு சிவப்பாக மின்னி, திருச்சியில் மறுபடி இணைப்பு போனது. அந்த விளக்கு சிவந்தால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள், அதை எந்த ரூட்டரும் சரிசெய்ய முடியாது. லைன்மேன் வந்து தெருவில் அறுந்த இழையை ஒட்டினார். மறுநாள் கஸ்டமர் கேரிலிருந்து சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். மாமா வழக்கம்போல ஸ்பீக்கரில் வைத்திருந்தார், நான் இந்தப் பக்கம் இன்னொரு போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், இப்போ சிக்னல் நல்லா இருக்கு. ஆனா உங்க மோடத்துல ஒரே ஒரு டிவைஸ்தான் காட்டுது. எல்லாம் வேலை செய்யுதா?"

"எல்லாம் வேலை செய்யுதும்மா," என்றார் மாமா.